பில் வந்த அன்று பணம் யார் பெயரில் இருந்தது? (மருத்துவ நிதி, முதலீட்டை விற்றது: உங்கள் அனுபவம்)

மழைத்துளி

2020 மார்ச்சில் என் கணவருக்குக் கணைய அழற்சி. வெள்ளிக்கிழமை இரவு வயிற்று வலி என்று போனோம். சனிக்கிழமை விடிவதற்குள் ஐ.சி.யு., வென்டிலேட்டர். மொத்தம் 19 நாள்.

மருத்துவத்துக்கென்று தனியாக நாங்கள் எதுவும் ஒதுக்கவில்லை. முதலீடுதான் இருக்கிறதே, அவசரம் என்றால் இரண்டு நாளில் விற்றுவிடலாம் என்று இருந்தோம். கணக்கு புரிவதற்காக முழு பில்லை 100 என்று வைத்துக்கொள்கிறேன்.

சேர்க்கும்போதே முன்பணம் 20. எங்கள் கூட்டுக் கணக்கில் இருந்தது அவ்வளவுதான், அதோடு காலி. மூன்றாம் நாள் இடைக்கால பில், இன்னொரு 15. காப்பீடு இருந்தது. ஆனால் அந்த மருத்துவமனை அவர்கள் பட்டியலில் இல்லாததால், நாங்கள் கட்டிவிட்டுப் பிறகு வாங்கிக்கொள்ள வேண்டும்.

பெரிய தொகை இருந்தது அவர் பெயரிலான, கடன் பத்திரங்களில் முதலீடு செய்யும் ஃபண்டில். சந்தை விழுந்தும் அது பெரிதாகக் குறையவில்லை. ஆனால் ஓ.டி.பி. அவர் போனுக்குத்தான் வரும். நர்ஸ் ஒரு பிளாஸ்டிக் உறையில் கைக்கடிகாரம், மோதிரத்தோடு அந்தப் போனையும் போட்டுக் கொடுத்திருந்தார். பூட்டிய திரையில் "1 புதிய செய்தி" என்று வரும், எண் தெரியாது. வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்து, நாமினி நான்தான் என்று சொன்னேன். அந்தப் பெண் சற்றுத் தயங்கிவிட்டு, "அம்மா, நாமினிக்கு உரிமை வருவது கணக்குதாரர் இறந்த பிறகுதான்" என்றார். அதைக் கேட்டுக்கொண்டு அந்த வராந்தாவில் நின்றதை இன்னும் மறக்க முடியவில்லை.

கடைசியில் என் பெயரில் இருந்த பங்குச்சந்தை ஃபண்டைத்தான் விற்றேன். பிப்ரவரியில் 90 மதிப்பிருந்த யூனிட்டுகளுக்குக் கையில் கிடைத்தது 60. மீதி 20 அக்கா கொடுத்தாள். ஏழு வாரம் கழித்துக் காப்பீட்டில் 82 வந்தது. அக்காவுக்குத் திருப்பியதும், கூட்டுக் கணக்கில் கொஞ்சம் போட்டதும் போக, 55-க்கு அதே ஃபண்டை மறுபடி வாங்கினேன். அதற்குள் விலை பிப்ரவரி நிலையில் 80 சதவீதத்துக்கு ஏறிவிட்டது. விற்றது 90 யூனிட் என்றால் திரும்பி வந்தது சுமார் 69-தான். பில் பணத்தில் பெரும்பகுதி திரும்பிவிட்டது, யூனிட்டுகள் திரும்பவில்லை.

உங்கள் வீட்டில் எப்படிச் சமாளித்தீர்கள்?

வெள்ளைப்பூ

அக்கா, அவர் இப்போது நலமா? எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் பாலிசி எடுத்துவிட்டோம். அதனால் தனி நிதி தேவையில்லை என்றே நினைக்கிறேன். நல்ல பாலிசி இருந்தால் போதும் இல்லையா?

மழைத்துளி

நலம்மா, நடைப்பயிற்சிக்குப் போகிறார். என்னிடமும் பாலிசி இருந்ததே! இல்லாமல் போனது அந்த ஏழு வாரத்துக்கான பணம்.

நேர்கோடு

என் அனுபவம் வேறு. அம்மாவுக்கு இரண்டு முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை. தேதி ஆறு வாரம் முன்பே தெரியும். மூன்று தவணையாக விற்றேன், நல்ல விலை கிடைத்தது, பணம் ஒவ்வொரு முறையும் இரண்டு வேலை நாளில் கணக்கில் வந்தது.

தனி நிதிக்கும் ஒரு விலை உண்டு. 40-ஐ 5 சதவீத வைப்பில் 10 வருடம் வைத்தால் 65 ஆகும். 9 சதவீதம் தரும் இடத்தில் இருந்திருந்தால் 94-க்கு மேல் ஆகியிருக்கும். 29 வித்தியாசம். நீங்கள் இழந்தது 21 யூனிட். நிதி வைத்திருந்தாலும் நஷ்டம்தான், அது மெதுவாக நடப்பதால் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்று, ஐ.சி.யு.வில் அவர் விரலை வைத்துப் போனைத் திறந்திருக்கலாமே?

மழைத்துளி

சனிக்கிழமை மதியமே சார்ஜ் போய் அணைந்துவிட்டது தம்பி. மறுபடி போட்டால் முதலில் பின் எண்தான் கேட்கும், விரல் ரேகையை ஏற்காது. அவர் விரல்களும் வீங்கிப்போயிருந்தன. அதைவிட, மயக்கத்தில் இருப்பவரின் விரலை எடுத்து வைக்க எனக்கு மனசு வரவில்லை. அது சரியும் இல்லை.

பழையகவுண்டர்

22 வருடம் மருத்துவமனை பில்லிங் பிரிவில் இருந்தவன். நேர்கோடு சொன்ன கணக்கு சரி, ஆனால் 40 எதற்கு? பில் ஒரே நாளில் வருவதில்லை. சேரும்போது முன்பணம், இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை இடைக்கால பில், டிஸ்சார்ஜ் அன்று இறுதி பில். முதல் இரண்டும் யோசிக்க நேரம் தருவதில்லை. தனி நிதி இருக்க வேண்டியது அவற்றுக்கும், காப்பீடு ஏற்காத பகுதிக்கும்தான். மழைத்துளி கணக்கில் முதல் மூன்று நாளுக்கு 35, காப்பீடு விட்டது 18. காப்பீட்டு நிறுவனமே நேரடியாகக் கட்டும் வசதி உள்ள மருத்துவமனையில், ஒப்புதல் வந்ததும் முன்பணத்தில் பெரும்பகுதி இறுதி பில்லில் கழியும். அப்போது 25-கூடப் போதும்.

காப்பீடு எதை விடும் என்று யாரும் பாலிசியில் படிப்பதில்லை. நாம் ஏற்க வேண்டிய சதவீதம், அறை வாடகை வரம்பு, கையுறை, சிரிஞ்சு போன்ற பொருட்கள். இந்த மூன்றையும் பார்த்தால் உங்கள் 18 எவ்வளவு என்று ஓரளவு தெரிந்துவிடும். சேர்ந்த பிறகு இடைக்கால பில்லைத் தினமும் கேட்டு வாங்குங்கள். கேட்டால் கொடுப்பார்கள். அப்போதுதான் எவ்வளவு விற்க வேண்டும் என்பது இரண்டு நாள் முன்னாலேயே தெரியும்.

நிதியை நோயாளியாகக்கூடிய ஒருவர் பெயரில் மட்டும் வைக்காதீர்கள். இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று எழுதிக் கொடுத்த கூட்டுக் கணக்காக இருக்கட்டும். "இருவரும் கையெழுத்திட வேண்டும்" என்ற கூட்டுக் கணக்கை வைத்துக்கொண்டு கவுண்டரில் அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இரவுப்பணி

நான் விற்கவில்லை, ஃபண்டை அடமானம் வைத்துக் கடன் வாங்கினேன். என் மனைவிக்கு அறுவை சிகிச்சை. யூனிட் கையில் இருக்கும், வட்டி மட்டும்தான் என்று நினைத்தேன். அடுத்த மாதமே சந்தை சரிந்தது. அடமான மதிப்பு குறைந்துவிட்டது, மூன்று நாளில் ஈடு கட்டு அல்லது விற்றுவிடுவோம் என்று செய்தி. கட்ட முடியவில்லை, அவர்களே விற்றார்கள். மொத்த மதிப்பில் பாதிக்குமேல் கடன் எடுத்ததுதான் என் தப்பு. கால்வாசி எடுத்திருந்தால் தாங்கியிருக்கும்.

நேர்கோடு

பழையகவுண்டர் சார், 25 என்றால் என் கணக்கில் 10 வருடத்துக்கு 18 வித்தியாசம். அதுவும் சின்னத் தொகை இல்லை. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன், அம்மாவுடையது தேதி குறித்த சிகிச்சை. இதயம், மூளை என்று வந்தால் ஆறு வாரம் கிடைக்காது.

மழைத்துளி

சந்தை விழாத வருடத்தில் இதே நோய் வந்திருந்தால் உங்கள் வழிதான் லாபம், மறுக்கவில்லை. நான் இப்போது 35 வைத்திருக்கிறேன். முதல் மூன்று நாளுக்கான அளவு. பாதி சேமிப்புக் கணக்கில், பாதி எந்நேரமும் உடைக்கக்கூடிய வைப்பில், இரண்டும் கூட்டாக. அவர் ஃபண்டிலும் என்னைக் கூட்டாகச் சேர்த்தாயிற்று.

வெள்ளைப்பூ

அக்கா, இப்போதுதான் பாலிசியை எடுத்துப் பார்த்தேன். 20 சதவீதம் நாங்கள் கட்ட வேண்டுமாம். இது எனக்குத் தெரியவே தெரியாது. இன்னொரு சந்தேகம். அப்பாவுக்கு 78 வயது, மறதி ஆரம்பித்திருக்கிறது. பணமெல்லாம் அவர் பெயரில். அதிகாரப் பத்திரம் எழுதி வாங்கினால் போதுமா?

பழையகவுண்டர்

அவசரப்படாதேம்மா. பல நாடுகளில் சாதாரண அதிகாரப் பத்திரம், எழுதிக் கொடுத்தவர் சுயமாக முடிவெடுக்கும் நிலையை இழந்ததும் செல்லாமல் போகும். உனக்குத் தேவைப்படும் நேரத்தில்தான் அது போகும். அதற்குப் பிறகும் நீடிக்கும் பத்திரம் சில இடங்களில் உண்டு. உங்கள் சட்டத்தில் இருக்கிறதா என்று வக்கீலிடம் கேள். அப்பா தெளிவாக இருக்கும் இந்த மாதமே அவரையும் கூட்டிக்கொண்டு போ. முன்பணத்துக்கான தொகையை மட்டுமாவது கூட்டுக் கணக்குக்கு மாற்ற அவர் சம்மதிக்கிறாரா என்று கேட்டுப் பார்.

வெள்ளைப்பூ

கேட்டேன். "என்னை இப்போதே அனுப்பிவைக்கப் பார்க்கிறாயா" என்கிறார். நாளைக்கு அண்ணனை விட்டுப் பேசச் சொல்லியிருக்கிறேன்.