மாந்தோப்பு இறக்கத்துல எதைப் போடணும்: ஹில் டிசென்டா, 4L-ஆ, லாக்கா?

தோட்டக்காரன், வேப்பனப்பள்ளி

எங்க மாந்தோப்பு கரட்டு மேல இருக்கு. மோட்டார் கொட்டகையிலிருந்து கீழ தார் ரோடு வரைக்கும் 600 மீட்டர் மொரம்புத் தடம், எல்லாம் பட்டா நிலம்தான். போன்ல பார்த்தா 120 மீட்டர் உயர வித்தியாசம் காட்டுது. போன வாரம் பெங்களூரா காய் பத்து கிரேட் ஏத்திக்கிட்டு, நாலு சக்கரமும் இழுக்கற 4H-ல ரெண்டாம் கியர் போட்டு, தானா பிரேக் பிடிச்சு மெதுவா இறக்கற ஹில் டிசென்ட் பட்டனை அமுக்கி இறங்கினேன். பாதியிலேயே பிரேக் வாடை. பெடலுக்குக் கீழ கடகடன்னு சத்தம். பட்டன் விளக்கு மினுக்கி மினுக்கி அணைஞ்சு போச்சு. வளைவுல திருப்பினா வண்டி நேரா போய் வரப்புல முட்டி நின்னுச்சு. டீசல், மேனுவல் கியர், பின் ஆக்சிலுக்கு லாக் ஸ்விட்ச் இருக்கு. நான் எதைப் போட்டிருக்கணும்?

கரடுமுரடு, பர்கூர்

அந்தப் பட்டனை மறந்துடுங்க. கிரானைட் குவாரியில 20 வருஷமா ஜீப் ஓட்டறேன், எங்க வண்டிகள்ல பட்டனே கிடையாது. மேலேயே நாலு சக்கர லோ கியர், அதான் 4L, போடுங்க, ஒண்ணாம் கியர் போடுங்க, ரெண்டு காலையும் பெடல்ல இருந்து எடுத்துடுங்க. என்ஜினே வண்டியைப் பிடிச்சு இறக்கும். பின் லாக்கையும் போட்டுக்குங்க, சக்கரம் ரெண்டும் ஒண்ணா பிடிக்கும். இவ்வளவுதான் விஷயம்.

தொப்பூர் லாரிக்காரன்

தம்பி, நீங்க நியூட்ரல்ல இறங்கிட்டீங்கன்னு நினைக்கிறேன். தொப்பூர் கணவாயில டீசல் மிச்சம்னு நியூட்ரல்ல உருட்டிக்கிட்டு வந்து, பிரேக் பிடிக்காம முன்னாடி போற வண்டிங்க மேல ஏறின லாரிங்களை என் கண்ணால பார்த்திருக்கேன். எந்த கியர்ல ஏறினீங்களோ அதே கியர்ல இறங்குங்க.

தோட்டக்காரன், வேப்பனப்பள்ளி

நியூட்ரல் போடலைங்கண்ணா, ரெண்டாம் கியர்லதான் இருந்தேன். ஆனா வளைவுகிட்ட விளக்கு அணைஞ்சதும் பயந்து பிரேக்கையும் கிளட்சையும் சேர்த்து மிதிச்சேன். அதை முதல்லயே எழுதியிருக்கணும்.

டீசல் புகை, பாலக்கோடு

லாரிக்கார அண்ணன் கேட்டதுல பாதி விஷயம் வெளிய வந்துடுச்சு. கிளட்ச் மிதிச்ச நிமிஷமே வண்டி நியூட்ரல்ல இருக்கற மாதிரிதான். மொத்த எடையும் சூடாகிப்போன பிரேக் மேல விழுந்திருக்கும். அப்புறம் பிரேக்கை முழுசா அழுத்திக்கிட்டே ஸ்டீயரிங்கைத் திருப்பினா, முன் சக்கரம் மொரம்பு மேல வழுக்கிக்கிட்டு நேராத்தான் போகும்.

ஆனா தப்பு அதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சுடுச்சு. பட்டன் மேல குறை இல்லைங்க, அதுக்கு நீங்க கொடுத்த கியர்தான் பொருந்தலை. உங்க வண்டி மாதிரி டீசல், 4H ரெண்டாம் கியர்ல ஆக்சிலரேட்டரைத் தொடாமலே சமதளத்துல மணிக்கு 12 கி.மீ. பக்கம் நகரும். ஹில் டிசென்ட் அதை 7, 8-க்கு இறக்கப் பார்க்குது. சுத்து ஐட்லிங்குக்குக் கீழ போனா, அணைஞ்சு போகக் கூடாதுன்னு என்ஜின் தானா டீசலைக் கூட்டிக்கும். அப்ப பிரேக் இழுக்குது, என்ஜின் தள்ளுது. இறக்கத்தோட எடையைத் தாங்கறது போதாதுன்னு பிரேக் உங்க என்ஜினோடவும் மல்லுக்கட்டிக்கிட்டு வந்திருக்கு.

எடையையும் ஒரு தடவை நினைச்சுப் பாருங்க. காயோட சேர்த்து ரெண்டு டன் வண்டி 120 மீட்டர் இறங்கும்போது வர்ற சூடு, எட்டு லிட்டர் பச்சைத் தண்ணியைக் கொதிக்க வைக்கப் போதும். என்ஜின் கை கொடுக்கலைன்னா அவ்வளவும் பிரேக்லதான் இறங்கணும். அதனாலதான் வாடை. சூடு எல்லை தாண்டினதும் பல வண்டிகள்ல ஹில் டிசென்ட் தன்னை நிறுத்திக்கும், விளக்கு மினுக்கினது அதுக்கான எச்சரிக்கை. கடகட சத்தத்துக்குப் பயப்பட வேண்டாம், ஏபிஎஸ் பம்ப் ஒவ்வொரு சக்கரமா பிடிச்சு விடற சத்தம் அது.

4L-ல இந்தச் சண்டையே வராது. உங்க மாதிரி வண்டிங்கள்ல லோ கியர் குறைப்பு ரெண்டரை மடங்கு பக்கம் இருக்கும். 4H ஒண்ணாம் கியர்ல 7 கி.மீ. ஐட்லிங்னா, 4L ஒண்ணுல 3-க்குக் கீழ வந்துடும். சுமையில பெரும்பங்கை என்ஜின் வாங்கிக்கும். பட்டனுக்கு அங்கங்க ஒரு தட்டு தட்டற வேலை மட்டும்தான் மிஞ்சும். அதனால 4L ஒண்ணாம் கியர், பட்டனும் போட்டபடியே இருக்கட்டும்.

கரடுமுரடு, பர்கூர்

நான் சொன்னதைத்தானே சொல்றீங்க? 4L-ல என்ஜினே பிடிக்கும்னா பட்டன் எதுக்கு?

டீசல் புகை, பாலக்கோடு

தோட்டக்காரரே, தடத்துக்குக் குறுக்கே தண்ணி அரிச்ச பள்ளம் எங்கயாவது இருக்கா?

தோட்டக்காரன், வேப்பனப்பள்ளி

இருக்குங்க. வளைவுக்கு 15 மீட்டர் முன்னாடி, தடத்தைச் சாய்வா வெட்டிக்கிட்டு ஓடுது. முழங்கால் ஆழம். அதுல இறங்கும்போது முன் இடது சக்கரமும் பின் வலது சக்கரமும் தொங்கிடும்.

டீசல் புகை, பாலக்கோடு

கரடுமுரடு அண்ணே, பட்டன் அந்த இடத்துக்குத்தான். லாக் இல்லாத ஆக்சில்ல என்ஜினோட பிடி ரெண்டு சக்கரத்துக்கும் சமமாத்தான் போகும். தொங்கற சக்கரத்துக்குக் கீழ பிடிக்க ஒண்ணும் இல்லை, அதனால தரையில இருக்கற சக்கரத்துக்கும் பிடி கிடைக்காது. தொங்கறது நின்னுடும், சில நேரம் பின்பக்கமா கூடச் சுத்தும். தரையில இருக்கறது விட்டாப் போதும்னு உருளும். முன்னாடியும் பின்னாடியும் ஒவ்வொண்ணு தொங்கினா, 4L ஒண்ணாம் கியர்ல இருந்தாலும் வண்டி ஒரு முழம் குதிக்கற மாதிரி இறங்கும். ஓட்டறவங்க அதை கியர் நழுவிடுச்சுன்னு நினைச்சுக்குவாங்க. ஹில் டிசென்ட் உருள்ற சக்கரத்தைத் தனியா பிடிச்சுக்கும். ரெண்டு மூணு வினாடி வேலைதான், பிரேக் சூடாகற அளவுக்குப் போகாது.

கரடுமுரடு, பர்கூர்

அந்தக் குதிப்பு எனக்கும் தெரியும். அதனாலதான் லாக் போடச் சொன்னேன். பின் ரெண்டும் ஒரே கம்பியா சுத்தினா தொங்கற சக்கரம் எப்படி விட்டுக்கொடுக்கும்?

டீசல் புகை, பாலக்கோடு

விட்டுக்கொடுக்காது, அது சரிதான். எனக்குப் பயம் அடுத்த 15 மீட்டர்லதான். வளைவுல உள்பக்கச் சக்கரம் கம்மி தூரமும் வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரமும் போகணும். லாக் அதை விடாது, வண்டியை நேரா தள்ளும். ஏற்கெனவே நேரா போய் வரப்புல முட்டின வண்டிங்க இது. ஸ்விட்சை அணைச்ச உடனே லாக் விடுபட்டுடும்னும் நம்ப முடியாது. ஆக்சில்ல முறுக்கு ஏறியிருந்தா பல் பிடிச்சபடியே இருக்கும். ஸ்டீயரிங்கை நேரா வெச்சுக் கொஞ்சம் முன்னும் பின்னும் நகர்த்தினாத்தான் விடும். அதுவரை லாக் விளக்கு மினுக்கிக்கிட்டே இருக்கும்.

இன்னொண்ணு. பல வண்டிகள்ல பின் லாக் போட்டதும் ஹில் டிசென்ட் வேலை செய்யாது, சிலதுல ஏபிஎஸ்ஸும் நின்னுடும். கொட்டகை வாசல்ல சமதளத்துல நிறுத்தி, பட்டன் போட்டு, அப்புறம் லாக் போட்டுப் பாருங்க. பட்டன் விளக்கு அணைஞ்சா உங்க வண்டியும் அந்த ஜாதிதான். அப்ப ரெண்டுல ஒண்ணுதான் கிடைக்கும்.

கரடுமுரடு, பர்கூர்

முன் லாக்கோட வளைவு திரும்பக் கூடாதுங்கறதை ஒத்துக்கறேன், ஸ்டீயரிங் கல்லு மாதிரி ஆயிடும். பின் லாக் மட்டும்னா 3 கி.மீ. வேகத்துல மொரம்பு மேல சக்கரம் தானே சறுக்கித் திரும்பிக்கும். எத்தனையோ வளைவு அப்படி இறக்கியிருக்கேன்.

மலை டீச்சர், அஞ்செட்டி

எனக்கு நடந்ததையும் சொல்லணும். எங்க வண்டி ஆட்டோமேட்டிக். மலைத் தடத்துல பாதி இறங்கின பிறகு 4L போடலாம்னு நிறுத்தினேன். P-ல போட்டு, டிரான்ஸ்ஃபர் லீவரை 4H-ல இருந்து இழுத்தேன். நடுவுல N-ல சிக்கிக்கிச்சு, வண்டி உருள ஆரம்பிச்சது. P-ல இருக்கற வண்டி எப்படி உருளும்னு எனக்குப் புரியவே இல்லை. ஹேண்ட் பிரேக்கை இழுத்து நிறுத்தறதுக்குள்ள ஒரு வண்டி நீளம் போயிடுச்சு. மகன் இறங்கிக் கல் வெச்சான்.

டீசல் புகை, பாலக்கோடு

டீச்சரம்மா, P பூட்டறது கியர்பாக்ஸை. டிரான்ஸ்ஃபர் N-ல இருந்தா கியர்பாக்ஸுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே இல்லை. மேனுவல்ல ஒண்ணாம் கியர் போட்டு நிறுத்தினாலும் இதே கதைதான். அதனால 4L மாத்தறதெல்லாம் மேல சமதளத்துலதான். நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, மேனுவல்னா கிளட்ச் மிதிச்சு, ஆட்டோமேட்டிக்னா கியரை நியூட்ரல்ல வெச்சு மாத்தணும். 4L விளக்கு மினுக்காம நின்னு எரியற வரைக்கும் ஹேண்ட் பிரேக்கை விடாதீங்க.

தோட்டக்காரன், வேப்பனப்பள்ளி

இன்னைக்குக் காலையில காலி வண்டியோட இறங்கிப் பார்த்தேன். கொட்டகை வாசல்ல லாக் போட்டதும் பட்டன் விளக்கு அணைஞ்சது, அதனால லாக்கை எடுத்துட்டேன். 4L, ஒண்ணாம் கியர், பட்டன். கால் ரெண்டும் தரையில. நேர் இறக்கத்துல சத்தமே இல்லை. பள்ளத்துல மட்டும் மூணு தடவை கடகடன்னுச்சு, குதிக்கலை. கீழ போய் ரிம் மேல கை வெச்சேன், வெதுவெதுன்னுதான் இருந்தது. ஆனா வளைவுல உதிரி மொரம்பு மேல முன் சக்கரம் அரை அடி வழுக்கிச்சு.

டீசல் புகை, பாலக்கோடு

அங்க என்ஜினோட பிடி தேவைக்கு மேல ஆயிடுச்சு. காலி வண்டி, உதிரி மண், 4L ஒண்ணாம் கியர்: சக்கரம் உருளாம இழுபடும், இழுபடற சக்கரம் திரும்பாது. வழுக்குதுன்னு தெரிஞ்ச உடனே பிரேக் பக்கம் போகாம ஆக்சிலரேட்டரை ஒரு நூல் தொடுங்க, சக்கரம் உருண்டதும் ஸ்டீயரிங் பிடிக்கும். மனசு ஒத்துக்காது, ரெண்டு மூணு தடவை காலி வண்டியில பழகிட்டு அப்புறம் காய் ஏத்துங்க. தார் ரோடு ஏறும் முன்னாடி 2H-க்கு மாத்தறதையும் விட்டுடாதீங்க, தார்ல 4L-லயே திருப்பினா டிரான்ஸ்ஃபர்ல முறுக்கு ஏறி லீவரே வராது.

கரடுமுரடு, பர்கூர்

ஆக்சிலரேட்டர் தொடச் சொன்னது சரியான யோசனை, நானும் அப்படித்தான் செய்வேன். லாக் விஷயத்துல மட்டும் என் எண்ணம் மாறலை. ஞாயித்துக்கிழமை எனக்கு வேலை இல்லை. நான் என் வண்டியோட வர்றேன், அந்தப் பள்ளத்துல லாக் போட்டு இறங்கி வளைவு திருப்பறேன். பக்கத்துல நின்னு பாருங்க.

தோட்டக்காரன், வேப்பனப்பள்ளி

வாங்கண்ணா. பள்ளத்துல மண் கொட்ட நாளைக்கு ஜேசிபி சொல்லி வெச்சிருந்தேன், திங்கட்கிழமைக்குத் தள்ளி வெச்சுட்டேன். பாலக்கோட்டுக்காரரும் வந்தா நல்லா இருக்கும். அப்பாகிட்ட சொல்லி வரப்புக் கல்லை மட்டும் முன்னாடியே அகற்றி வெக்கறேன்.