பில்லோடு போகும் மடலுக்கும் அதன் கடைசி நாளுக்கும் தமிழில் என்ன பெயர்?

தஞ்சாவூரிலிருந்து, மென்பொருள் தமிழாக்கம் செய்பவர்:

வணக்கம். சிறு பட்டறைகள் பில் போடுவதற்கான ஒரு மென்பொருளைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். பில்லை இணைத்து அனுப்பும்போது கூடவே ஒரு சிறு மின்மடல் போகும். எவ்வளவு, எந்த நாளுக்குள், எந்த வழியில், கேள்வி இருந்தால் யாரிடம் என்பது மட்டும்தான் அதில் இருக்கும். அந்த மடலுக்கு ஒரு பெயர் வேண்டும். அதிலுள்ள 'டியூ டேட்' கட்டத்துக்கும் ஒரு பெயர் வேண்டும். இப்போதைக்கு "முகப்பு மின்னஞ்சல்", "நிலுவை நாள்" என்று வைத்திருக்கிறேன். இரண்டுமே மனதில் ஒட்டவில்லை.

மன்னார்குடியிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மா, 'முகப்பு' வேண்டாம். இணையத்தில் அந்தச் சொல் ஏற்கெனவே முதல் பக்கத்துக்குப் போய்விட்டது. பில்லுடன் போவதால் 'உடன்மடல்' என்றாலே போதும். சொல்லிப் பாருங்கள், நாக்கில் தடுக்காது. 'நிலுவை நாள்' பற்றித் தயங்க வேண்டியதில்லை. 'நில்' என்ற வேரில் பிறந்த நல்ல தமிழ், கணக்குப் புத்தகங்களிலும் காலங்காலமாக இருக்கிறது. அதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

நாகப்பட்டினத்திலிருந்து:

கவர் மேல் எழுதுவதற்குத்தானே சொல் கேட்கிறீர்கள்? நாங்கள் கூரியரில் பில் அனுப்பும்போது "உள்ளே பில் இருக்கிறது, மடிக்க வேண்டாம்" என்று உறை மேல் எழுதுவோம். அதற்கு 'உறைக்குறிப்பு' பொருந்தும் என்று நினைக்கிறேன்.

கும்பகோணத்திலிருந்து, பட்டறை நடத்துபவர்:

எனக்குச் சொல் ஆராய்ச்சி தெரியாது, நடந்ததைச் சொல்கிறேன். அரிசி ஆலைகளுக்கு எலிவேட்டர், ஷாஃப்ட் எல்லாம் பழுது பார்க்கிறோம். ஓர் ஆலைக்குப் பில் அனுப்பும்போது பையன் மடலில் "நிலுவைத் தொகை 94,400" என்று அடித்துவிட்டான். முதலாளி அன்றைக்கே போனில் பிடித்துக்கொண்டார். "நேற்றுத்தான் வேலை முடிந்தது, அதற்குள் என்னைப் பாக்கிக்காரன் ஆக்கிவிட்டாயா?" என்றார். அப்புறம் பணம் வந்தது, ஆனால் 93,456தான் வந்தது. 944 எங்கே போனது என்று இன்றுவரை புரியவில்லை. பேரம் பேசிக் குறைத்துவிட்டார்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

திருவாரூரிலிருந்து, கணக்கர்:

கும்பகோணத்து அண்ணன் சொன்னதில்தான் விடை இருக்கிறது. ஐயா மன்னிக்க வேண்டும், 'நிலுவை' நல்ல தமிழ்தான், ஆனால் இந்த இடத்துக்கு ஆகாது. நம் பக்கத்தில் நிலுவை என்றால் நாள் தாண்டியும் நின்றுபோன பணம். இன்னும் நாள் இருக்கும்போதே அப்படி எழுதினால் வாங்கியவருக்குச் சுருக்கென்றுதான் இருக்கும்.

வேறு சொற்களையும் பார்த்துவிடுவோம். 'தவணை நாள்' என்றால் பிரித்துப் பிரித்துக் கொடுக்கலாம் என்று எடுத்துக்கொள்வார்கள். 'வாய்தா' நம் ஊர் வழக்குதான், ஆனால் வாய்தா வாங்குவது என்றாலே நாளைத் தள்ளிப்போடுவது. பணம் வர வேண்டிய நாளுக்கு அந்தப் பெயர் வைக்க முடியாது. 'கெடு' பொருளில் சரி, அதட்டுவது போலக் கேட்கிறது என்பதுதான் குறை. நான் எழுதும் மடல்களில் "செலுத்த வேண்டிய கடைசி நாள்" என்றே எழுதுகிறேன். நீளம்தான், ஆனால் யாரும் தப்பாகப் படித்ததில்லை. மென்பொருள் கட்டத்துக்கு "செலுத்துநாள்" போதும்.

அடுத்து அந்த 944. பழுது வேலைக்குத் தனிநபர் பட்டறை என்றால் ஆலைக்காரர் 1 சதவீதம் டிடிஎஸ் பிடித்து வரித்துறைக்குக் கட்டுவார். உங்கள் வேலைக்கூலி 80,000, ஜிஎஸ்டி 18 சதவீதம் 14,400, ஆக 94,400. ஜிஎஸ்டி பில்லில் தனியாகக் காட்டப்பட்டிருந்தால் டிடிஎஸ் 80,000-க்குத்தான், அதாவது 800. அவர்கள் மொத்தத்துக்கும் பிடித்துவிட்டார்கள், 144 கூடுதல். பிடித்த பணம் தொலையவில்லை. உங்கள் பான் எண்ணில் கட்டியிருந்தால் வரித்துறையின் 26ஏஎஸ் அறிக்கையில் தெரியும், வருமான வரிக் கணக்குத் தாக்கலில் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் மடலிலேயே இரண்டு தொகையையும் எழுதியிருந்தால் இந்தக் குழப்பம் முதல் நாளே தீர்ந்திருக்கும்.

அந்த வேலை ஜூன் 2-ல் முடிந்தது, 30 நாள் என்று பணி ஆணையில் எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொண்டால், நான் இப்படி எழுதுவேன்:

"பில் எண் 47 இணைத்துள்ளோம். பில் தொகை ரூ. 94,400. டிடிஎஸ் ரூ. 800 பிடித்தால் எங்களுக்கு வர வேண்டியது ரூ. 93,600. செலுத்த வேண்டிய கடைசி நாள் ஜூலை 2, 2025, புதன்கிழமை. பில்லில் அச்சிட்டுள்ள வங்கிக் கணக்குக்கு நெஃப்ட் வழியாக அனுப்பி, யூடிஆர் எண்ணை இந்த மடலுக்கான பதிலில் எழுதுங்கள். எங்கள் கணக்கு எண் மாறவில்லை. மாறியதாக வேறு மடல் வந்தால், பணம் அனுப்புமுன் எங்களைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேளுங்கள். வேலையிலோ தொகையிலோ மறுப்பு இருந்தால் ஜூன் 17-க்குள் எழுத்தில் தெரிவியுங்கள்."

மாதத்தைப் பெயராகவே எழுதுங்கள். 2/7 என்று எழுதினால் ஒரு மென்பொருள் அதை பிப்ரவரி 7 என்று படிக்கும்.

மன்னார்குடி ஆசிரியர்:

'நிலுவை' பற்றிச் சொன்னது சரி, ஏற்கிறேன். வேர் பார்த்தேன், வாங்குபவர் காது எப்படிக் கேட்கும் என்று பார்க்கவில்லை. ஆனால் உங்கள் கடைசி வரி எனக்குக் கடுமையாகப் படுகிறது. "சந்தேகம் இருந்தால் கேளுங்கள்" என்றால் மென்மையாக இருக்குமே? 'மறுப்பு' என்று நாமே எடுத்துக் கொடுப்பானேன்?

திருவாரூர் கணக்கர்:

ஐயா, 'சந்தேகம்' என்றால் பில்லையே சந்தேகிக்கச் சொல்வது போல ஆகிவிடும். "விளக்கம் வேண்டுமானால்" என்று ஒரு வரி தாராளமாகச் சேர்க்கலாம். 'மறுப்பு' வேறு வேலை செய்கிறது. 2006-ம் ஆண்டின் சிறு தொழில் சட்டப்படி, பொருளோ வேலையோ கிடைத்த 15 நாளுக்குள் வாங்கியவர் எழுத்தில் மறுப்புச் சொல்லாவிட்டால், கிடைத்த நாளிலேயே ஏற்றுக்கொண்டதாகக் கணக்கு. மறுப்புச் சொன்னால், அதைத் தீர்த்து வைத்த நாளிலிருந்துதான் நாள் எண்ணப்படும். போனில் "சரியாக ஓடவில்லை" என்றதை ஆறு மாதம் கழித்துக் காரணமாகக் கொண்டுவருவார்கள். அதனால்தான் எழுத்தில் கேட்கிறேன். எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளுக்கு மேல் போகக்கூடாது. ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள்தான். சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இருக்க வேண்டும், வாங்கி விற்கும் கடைகளுக்கு இது பொருந்தாது.

கும்பகோணம் பட்டறைக்காரர்:

பணி ஆணை எல்லாம் இங்கே யார் தருகிறார்கள் தம்பி? "சம்பா அறுப்பு முடியட்டும், தை கடைசியில் பார்க்கலாம்" என்பதுதான் வாய்ப்பேச்சு. உத்யம் பதிவு இருக்கிறது. மடலில் நானே ஒரு நாளைப் போட்டுவிட்டால் அது ஒப்பந்தம் ஆகுமா?

திருவாரூர் கணக்கர்:

நீங்கள் மட்டும் போட்ட நாள் ஒப்பந்தம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன் அண்ணே. அவர் "சரி" என்று பதில் எழுதினால் கை பலப்படும். அவர் எதுவும் எழுதாவிட்டால் 15 நாள் கணக்கை வைத்தே மடலில் நாளைப் போடுங்கள். அறுவடைக்குத்தான் பணம் புரளும் என்றால், "தை கடைசி" என்று விடாமல் பிப்ரவரியில் ஒரு தேதியை அவரிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் வேலை முடிந்து அந்தத் தேதி 45 நாளைத் தாண்டினால், சட்டம் அந்தத் தேதியைப் பார்க்காது.

தஞ்சாவூரிலிருந்து:

மடலுக்கு 'உடன்மடல்' என்று எடுத்துக்கொள்கிறேன். கட்டத்துக்கு 'செலுத்துநாள்', மடலுக்குள் 'செலுத்த வேண்டிய கடைசி நாள்'. 'நிலுவை' என்பதை நாள் கடந்த பிறகு தானாகப் போகும் நினைவூட்டலில் மட்டும் வைக்கிறேன். 'வேலை முடிந்த நாள்' என்று ஒரு கட்டம் புதிதாகச் சேர்க்கிறேன். பில் போட்ட நாளிலிருந்து எண்ணுவதாகத்தான் மென்பொருள் இதுவரை இருந்தது. டிடிஎஸ் போக வர வேண்டிய தொகைக்குச் சுருக்கமாக ஒரு சொல் கிடைக்கவில்லை. 'நிகரத் தொகை' என்றால் பட்டறையில் புரியுமா?

கும்பகோணம் பட்டறைக்காரர்:

புரியாதம்மா. "கைக்கு வருவது" என்று போடுங்கள்.

மன்னார்குடி ஆசிரியர்:

பேச்சுக்குச் சரி, பில்லோடு போகும் மடலில் 'கைக்கு வருவது' என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. 'வரவேண்டிய தொகை' என்று வைத்துப் பாருங்கள். டிடிஎஸ் கழிந்தது என்பது அதில் தெரியவில்லை என்பது உண்மைதான்.