பொருள்: ஃபெயில்ஓவருக்குக் ‘கைமாற்றம்’ சரியா?

கதிர்:
நண்பர்களே, ஓபன்பிஎஸ்டியில் இரண்டு ஃபயர்வால்களை ஜோடியாக ஓட்டுவது பற்றி ஒரு கையேடு எழுதுகிறேன். ஒன்று நின்றால் மற்றது அதே பொது முகவரியில் வேலையைத் தொடர்கிறது. இதற்குக் ‘கைமாற்றம்’ என்று போட்டிருக்கிறேன். பொருந்துகிறதா?

மங்கை:
கைமாற்றுவதற்குக் கொடுக்கும் கை ஒன்று வேண்டுமே, கதிர். கரண்ட் போன பெட்டி எதையும் கொடுக்காது. பொது முகவரியைப் பகிரும் கார்ப் நெறிமுறையில் தலைமைப் பெட்டி வழக்கமாக நொடிக்கு ஒருமுறை ‘இருக்கிறேன்’ என்று அறிவிக்கும். ஏறக்குறைய மூன்று நொடி அந்த அறிவிப்பு வராவிட்டால், காத்திருக்கும் பெட்டி தானாக முகவரியை எடுத்துக்கொள்ளும். ஆகவே ‘பொறுப்பேற்பு’ என்பேன்.

ஜோசப்:
இரண்டு பெட்டி இருக்கிறதே, ‘சுமைப் பகிர்வு’ என்றே சொல்லலாமே?

கதிர்:
அது வேறு, அண்ணா. இந்த அமைப்பில் ஒரு நேரத்தில் ஒரு பெட்டிதான் வேலை செய்யும்.

செல்வி:
எங்கள் அலுவலகத்தில் போன மாதம் தலைமைப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிச் சோதித்தோம். முகவரி சில நொடியில் மாறியது. ஆனால் திறந்திருந்த எஸ்எஸ்ஹெச் எல்லாம் உறைந்துவிட்டன. புதிதாகத் திறந்தவை ஓடின. இணைப்பு நிலைகள் இரண்டாவது பெட்டிக்குப் போகவில்லை என்று நினைக்கிறேன். அதனால் முகவரி மாறுவதற்கு ஒரு சொல்லும், இணைப்பு பிழைப்பதற்கு இன்னொரு சொல்லும் வேண்டும்.

மங்கை:
இரண்டு சொல் வேண்டும் என்பது சரி. காரணம் வேறாக இருக்கலாம். `pfctl -s states` இரண்டிலும் ஒரே பட்டியலைக் காட்டுகிறதா?

செல்வி:
ஆமாம் அக்கா, ஒரே பட்டியல்தான். நாட் விதி இது:

```
match out on em0 inet from 10.0.0.0/24 nat-to (em0)
```

மங்கை:
அங்கேதான் சிக்கல். `(em0)` என்றால் அந்தப் பெட்டியின் சொந்த முகவரி. முதல் பெட்டிக்கு 203.0.113.2, பொது முகவரி 203.0.113.10 என்று வைத்துக்கொள்வோம். பழைய இணைப்பின் பதில்கள் .2-க்கே வரும், அந்தப் பெட்டியோ செத்துக் கிடக்கிறது. பதிவு இரண்டாவது பெட்டியில் இருந்தும் பயனில்லை. புதிய இணைப்புகள் இரண்டாவது பெட்டியின் சொந்த முகவரியில் போவதால் ஓடுகின்றன. இரண்டு பெட்டியிலும் `nat-to 203.0.113.10` என்று மாற்றுங்கள்.

செல்வி:
மாற்றிவிட்டு மறுபடி பிடுங்கினேன். எஸ்எஸ்ஹெச் சில நொடி நின்று, அப்புறம் தொடர்ந்தது!

கதிர்:
அப்படியென்றால் முகவரியை எடுப்பது ‘பொறுப்பேற்பு’, இணைப்பு நிலைகளை அனுப்பிவைப்பது ‘நிலை ஒத்திசைவு’. சரிதானே?

ஜோசப்:
‘நிலை’ ரொம்பப் பொதுவான சொல். ‘இணைப்பேடு’ என்றால் கண்முன் நிற்கும்.

மங்கை:
இணைப்பேடு எனக்கும் பிடிக்கிறது. ‘ஏட்டுப் பகிர்வு’ என்றும் சொல்லலாம். கதிரின் ‘கைமாற்றம்’ வீணாக வேண்டாம். பராமரிப்புக்காக நாமே `ifconfig carp0 down` கொடுத்தால், தலைமைப் பெட்டி விலகுவதை அறிவித்துவிட்டுத்தான் போகிறது. மற்றது மூன்று நொடி காத்திருக்காது. அது உண்மையிலேயே கைமாற்றம்தான்.

கதிர்:
இரண்டையும் சேர்க்கிறேன். பழைய பெட்டி திரும்பி வந்து தலைமையை மீண்டும் எடுப்பதற்கு இன்னும் சொல் கிடைக்கவில்லை. ‘மீள்பொறுப்பு’ காதில் சரியாக விழவில்லை.