கொடுக்காத பொருளுக்கு எதிரே 'கொடுத்தாச்சு': படிவமும் ஷீட்டும் படுத்திய பாடு

அலமாரிச்சாவி:
அலுவலகத்தில் எல்லாரும் தங்களுக்கு வேண்டிய பொருளைக் கூகுள் படிவத்தில் போடுவார்கள். பதில்கள் ஒரு ஷீட்டில் விழும். பொருள் வாரியாக வரிசைப்படுத்திய இன்னொரு தாளைப் பார்த்து நான் எடுத்துக் கொடுப்பேன். அந்தத் தாளை அமைத்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார். முதல் கட்டத்தில் இருந்தது இதுதான்:

```
=SORT('Form Responses 1'!A2:D, 3, TRUE)
```

பக்கத்து E பத்தியில் 'கொடுத்தாச்சு' என்று கையால் தட்டுவோம். ஒருநாள் ஒரு அம்மா வந்து, "ஆணி கேட்டிருந்தேனே, இன்னும் வரலையே" என்றார். ஷீட்டைத் திருப்பிக் காட்டினேன். அவர் பெயருக்கு நேரே 'கொடுத்தாச்சு' என்று இருக்கிறது. அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். நான் பொய் சொல்கிறேன் என்று நினைத்திருப்பார். இன்றைக்கும் உறுத்துகிறது. ஷீட்டை யாரும் தொடவேயில்லை.

பச்சைமை:
இதற்கு எதற்கு இன்னொரு தாள்? பதில் விழும் தாளிலேயே பொருள் பத்தியை A முதல் Z வரை வரிசைப்படுத்தினால் போதுமே. நாங்கள் அப்படித்தான் செய்கிறோம், ஒரு பிரச்சினையும் இல்லை.

மூலைமேசை:
பிரச்சினை இல்லை என்பது பாதி சரி. ஒருமுறை வரிசைப்படுத்தினால் அது அப்படியே நிற்காது. அடுத்து வரும் பதில் மறுபடி கீழேதான் போய் உட்காரும். தினமும் யாராவது அடுக்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

சாவி சொன்னதில் நடந்தது வேறு. SORT காட்டுவது வெறும் பிம்பம். தட்டிய சொல்லோ அந்தக் கட்டத்திலேயே நிற்கும். 2ஆம் வரியில் அட்டை, 3இல் கத்தரிக்கோல், 4இல் பசை என்று வைத்துக்கொள்ளுங்கள். கத்தரிக்கோலைக் கொடுத்துவிட்டு E3இல் குறிக்கிறீர்கள். அப்புறம் ஒருவர் ஆணி கேட்கிறார். அகர வரிசையில் அது 3ஆம் வரிக்கு வரும், கத்தரிக்கோல் 4க்கு இறங்கும். E3 மட்டும் நகராது. இப்போது ஆணி 'கொடுத்தாச்சு', கத்தரிக்கோல் கொடுக்கவில்லை! அதாவது அந்த அம்மாவின் ஆணி போக, இன்னொருவருக்குக் கத்தரிக்கோல் இரண்டு முறை போயிருக்கும். இருப்பை எண்ணிப் பார்த்தால் தெரியும்.

குறிப்பை 'Form Responses 1' தாளின் E பத்தியில் தட்டுங்கள். புதுப் பதில் அங்கே இடையில் புகாது, குறிப்பு தன் வரியோடு இருக்கும். வரிசைத் தாளின் E பத்தியில் ஏற்கெனவே தட்டியதையெல்லாம் அழித்துவிட்டு, `A2:D` என்பதை `A2:E` ஆக்கினால் குறிப்பும் சேர்ந்தே நகரும். ஆனால் வரிசைத் தாளில் எதையும் தட்டக் கூடாது. SORT விரியும் இடத்தில் ஒரு எழுத்து விழுந்தாலும் `#REF!` காட்டிப் பட்டியல் முழுக்க மறைந்துவிடும். அந்தத் தாளைப் பூட்டிவிடுவது நல்லது.

அலமாரிச்சாவி:
கத்தரிக்கோல் ஒன்று குறைந்தது உண்மைதான். யாரோ எடுத்துக்கொண்டு போனதாகப் பேசிக்கொண்டார்கள்.

கூட்டல்கழித்தல்:
எனக்கும் இதே மாதிரிதான், எண்ணிக்கை காணாமல் போனது. எங்களுடையது QUERY. ஒருவர் பென்சிலுக்கு 40 போட்டார், இன்னொருவர் 15, மூன்றாமவர் '2 பெட்டி' என்று எழுதினார். வரிசைத் தாளில் அவர் பெயரும் பொருளும் இருக்கிறது, எண்ணிக்கைக் கட்டம் வெறுமையாக இருக்கிறது. கூட்டினால் 55. அவர் ஒன்றும் நிரப்பவில்லை என்று நினைத்து அந்த வரியை விட்டுவிட்டோம்.

மூலைமேசை:
இது அதே மாதிரி இல்லை, வேறு நோய். ஒரு பத்தியில் பெரும்பாலும் எண்கள் இருந்தால், QUERY எழுத்தாக இருப்பதை வெறுமையாக்கிவிடும். SORTஆக இருந்தால் '2 பெட்டி' கண்ணுக்காவது தெரிந்திருக்கும், கூட்டலில் மட்டும் சேராது. படிவத்தில் அந்தக் கேள்விக்கு 'எண் மட்டும்' என்று நிபந்தனை வையுங்கள். பெட்டியா தனியா என்பதற்கு இன்னொரு கேள்வி.

பச்சைமை:
இத்தனை பாடு எதற்கு? கேட்பவர்களே தங்கள் பதிலைத் திருத்தும்படி படிவத்தில் அனுமதி கொடுத்துவிட்டால் எல்லாம் தீர்ந்தது.

கூட்டல்கழித்தல்:
யார் அதைக் கேட்டது? 5 கேட்டவருக்குக் கொடுத்து, குறித்தும் வைத்த பிறகு அவர் 8 என்று திருத்தினால்? அதே வரியில் எண் மாறும், பக்கத்தில் 'கொடுத்தாச்சு' நிற்கும். மீதி 3 யாருக்கும் தெரியாது.

பச்சைமை:
திருத்த விடாவிட்டால் அவர் இரண்டாவது முறை 8 என்று போடுவார். அது 8ஆ, மொத்தம் 13ஆ?

மூலைமேசை:
நான் திருத்தத்தை மூடித்தான் வைத்திருக்கிறேன். ஒரே பெயரும் பொருளும் இரண்டு தடவை வந்தால் போன் போட்டுக் கேட்டுவிடுவேன்.

அலமாரிச்சாவி:
எங்கள் படிவத்தில் போன் நம்பரே கேட்கவில்லையே.