மொழிக்கூட்டணியா, மொழித்திணையா? ஒரு கலைச்சொல் விவாதம்

நளினி எழுதியது:

அன்பர்களுக்கு வணக்கம்.

மொழியியல் கட்டுரை ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு கருத்துக்குச் சொல் அகப்படாமல் நிற்கிறேன். பிறப்பால் உறவில்லாத மொழிகள் பல தலைமுறைகளாக ஒரே இடத்தில் புழங்கினால், ஒலியிலும் சொல்வரிசையிலும் ஒன்றையொன்று ஒத்துப்போகத் தொடங்குகின்றன. இப்படி ஒத்துப்போன மொழிகளின் தொகுப்புக்கு ஒரு பெயர் வேண்டும். 1928-இல் தி ஹேக் நகரில் நடந்த மொழியியலாளர் மாநாட்டில், இதை மொழிக்குடும்பத்திலிருந்து பிரித்துக்காட்ட திருபெத்ஸ்கோய் ஒரு ஜெர்மன் சொல்லை முன்வைத்தார். அதைப் பின்பற்றி 'மொழிக்கூட்டணி' என்று இப்போதைக்குப் போட்டிருக்கிறேன். சரிவருமா?

பாலு எழுதியது:

இதற்குத்தான் 'கடன்சொல்' இருக்கிறதே அம்மா? சாவி, ஜன்னல், அலமாரி எல்லாம் போர்ச்சுகீசியத்திலிருந்து வந்தவை. என் பிள்ளைகளும் ஒரே வாக்கியத்தில் மூன்று மொழி பேசுகிறார்கள். 'மொழிக்கலப்பு' என்று எழுதிவிட்டுப் போகலாம்.

சேதுராமன் எழுதியது:

பாலு சொல்வது வேறு, நளினி கேட்பது வேறு. கேள்வி சொற்களைப் பற்றியதல்ல. ஆனால் எனக்கு ஒன்று புரியவில்லை. சமஸ்கிருதத்தில் ட, ண, ஷ போன்ற நாவளை ஒலிகள் இருக்கின்றன. அதன் உறவுமொழியான பாரசீகத்தில் இல்லை. அப்படியானால் இங்கிருந்த திராவிட மொழிகள்தானே கொடுத்திருக்க வேண்டும்? ஒரு பக்கம் கொடுத்தது, மறுபக்கம் வாங்கியது. இதில் 'கூட்டணி' எங்கே வந்தது? அந்தச் சொல்லைப் பார்த்தாலே தொகுதிப் பங்கீடுதான் நினைவுக்கு வருகிறது.

இளவேனில் எழுதியது:

சேது ஐயா, பாதிவரை உங்களோடு வருகிறேன். பாரசீகத்தோடு ஒப்பிட்டது சரியான முறை. ஆனால் சமஸ்கிருதத்தின் சில நாவளை ஒலிகள் அதன் சொந்த ஒலிமாற்றத்தாலேயே பிறந்தவை. கூடு என்று பொருள்படும் 'நீட' என்ற சொல்லின் பழைய வடிவம் 'நிஸ்த' போன்றது. நடுவிலிருந்த ஸகரம் மறையும்போது பின்னால் வந்த ஒலியை டகரமாக்கிவிட்டுப் போயிற்று. ஸ்வீடிஷ் மொழியிலும் ரகரமும் தகரமும் சேரும் இடத்தில் நம் டகரம் போன்ற ஒலி வருகிறது. அங்கே திராவிட மொழி எதுவும் பக்கத்தில் இல்லை. அதனால் ஒலி இருக்கிறது என்பது மட்டும் சான்றாகாது. அண்டை மொழிகளில் ஏற்கெனவே இருந்ததால் இங்கே அந்த ஒலி நிலைத்துப் பரவியது என்று வாதிடலாம். பலர் அப்படித்தான் வாதிடுகிறார்கள். முழுவதும் வாங்கியது என்று அடித்துச் சொல்ல முடியாது.

பாலு அவர்களுக்கு: சொற்கள் கலக்காமலே இது நடக்கும். அதுதான் இதில் வேடிக்கை. மகாராஷ்டிரத்தின் சாங்லி மாவட்டத்தில் குப்வாட் என்று ஓர் ஊர். கம்பர்ஸ், வில்சன் இருவரும் அங்கே செய்த ஆய்வு 1971-இல் வெளிவந்தது. ஜைனர்கள் கன்னடம், முஸ்லிம்கள் உருது, இன்னும் சிலர் மராத்தி என்று அவரவர் வீட்டுமொழியை விடாமல் நூற்றாண்டுகளாக அக்கம்பக்கத்தில் வாழ்ந்தவர்கள். வெளியே வந்தால் அடுத்தவர் மொழியும் பேசுவார்கள். கீரை அறுத்து வந்ததை அவ்வூர் உருதில் சொன்னால்:

> பாலா ஜரா காட் கே லே கே ஆயா

மராத்தியில் சொன்னால்:

> பாலா ஜரா காபூன் கேஊன் ஆலோ

தமிழில் சொல்லிப் பாருங்கள்: கீரை கொஞ்சம் வெட்டி எடுத்து வந்தேன். கன்னட வாக்கியமும் இதே வரிசைதான். வினைச்சொற்களும் விகுதிகளும் அவரவருடையவை. அவை உட்காரும் இடங்கள் ஒன்றே. ஒரு மொழியில் யோசித்துச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் அடுத்த மொழி வந்துவிடும்.

சேதுராமன் எழுதியது:

இது எனக்குப் போதவில்லை. இந்தியிலும் எழுவாய், செயப்படுபொருள், வினை என்ற வரிசைதான். மராத்தியிலும் அதேதான். குப்வாட்டில் புதிதாக என்ன நடந்தது?

இளவேனில் எழுதியது:

நியாயமான கேள்வி. வினை கடைசியில் வரும் மொழிகள் உலகெங்கும் உண்டு, ஜப்பானியம் உட்பட. ஆகவே வெளியூரில் அதே மொழி எப்படி இருக்கிறது என்று பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். 'நதி வந்தது' என்பதைப் பாருங்கள். பொது உருதில் நதி பெண்பால், 'நதீ ஆயீ'. பொது மராத்தியிலும் பெண்பால், 'நதீ ஆலீ'. குப்வாட் உருதில் 'நதீ ஆயா', மராத்தியில் 'நதீ ஆல'. பெண்பால் விகுதி போய்விட்டது. ஏன்? கன்னடத்தில் மனிதர்களுக்குத்தான் ஆண்பால், பெண்பால். நதியெல்லாம் ஒன்றன்பால். அந்தப் பாகுபாட்டையே மற்ற இரண்டும் எடுத்துக்கொண்டன. மராத்தியில் ஒன்றன்பால் விகுதி கைவசம் இருந்தது, அதைப் போட்டுக்கொண்டது. உருதில் அப்படி ஒன்று இல்லாததால் ஆண்பால் விகுதியை வைத்து ஒப்பேற்றியது.

கொடுத்தது கன்னடம் மட்டுமல்ல. பொது உருதில் நாம், நாங்கள் என்ற வேறுபாடு கிடையாது. இரண்டுக்கும் 'ஹம்' தான். மராத்தியில் வேறுபாடு உண்டு, அதைப் பார்த்து அவ்வூர் உருதும் பிரித்துக்கொண்டது. மூன்றில் மிக அதிகம் மாறியது உருது. ஆனாலும் ஒரு பக்கம் மட்டும் கொடுத்தது என்று சொல்ல வழியில்லை.

நளினி எழுதியது:

அப்படியென்றால் கலப்பு என்ற சொல் நிச்சயம் ஆகாது. கூட்டணியும் வேண்டாம், சேது ஐயா சிரிப்பார். 'மொழித்திணை' எப்படி? நிலமும் அதில் வாழும் மக்களின் வழக்கமும் சேர்ந்ததுதானே திணை?

பாலு எழுதியது:

அழகாக இருக்கிறது! என் வாக்கு இதற்கே.

இளவேனில் எழுதியது:

அழகுதான். ஆனால் இலக்கணத்தில் உயர்திணை, அஃறிணை என்று அந்தச் சொல் ஏற்கெனவே வேலையில் இருக்கிறது. மேலே சொன்ன நதி உதாரணத்தைக் கட்டுரையில் எழுதினால், 'இந்த மொழித்திணையில் திணைப்பாகுபாடு பரவியது' என்று எழுத வேண்டிவரும். படிப்பவர் கதி என்ன?

'மொழிப்பரப்பு' எளியது. ஆனால் ஒரு மொழி எங்கெல்லாம் பேசப்படுகிறது என்ற பொருளைத் தந்துவிடும். 'மொழிக்குழு' என்றால் குடும்பத்தின் உட்பிரிவு என்று நினைப்பார்கள். 'அண்டைமொழித் தொகுதி' என்று ஆக்கினால் என்ன? பிறப்பு அல்ல, பக்கத்தில் இருப்பதுதான் காரணம் என்பது பெயரிலேயே தெரிகிறது.

சேதுராமன் எழுதியது:

நீளம். கட்டுரையில் இருபது முறை வந்தால் படிப்பவர் களைத்துப்போவார். தவிர, எவ்வளவு தூரம் அண்டை? முண்டா மொழிகளும் மேகாலயாவில் பேசும் காசி மொழியும் ஒரே ஆஸ்திரோ-ஆசியக் குடும்பம். காசியில் வினை நடுவில் வருகிறது, முண்டாவில் கடைசியில். முண்டா மாறியதற்குப் பக்கத்து மொழிகள் காரணம் என்றால், காசிக்கும் வினையைக் கடைசியில் வைக்கும் அண்டை மொழிகள் உண்டே, அது ஏன் மாறவில்லை? பக்கத்தில் இருந்தால் மட்டும் போதாது போலிருக்கிறது. யார் யாருடைய மொழியைப் பேசினார்கள் என்பதும் பெயரில் வர வேண்டாமா?

இளவேனில் எழுதியது:

ஐயா, அதையெல்லாம் பெயரில் ஏற்ற முடியாது. மொழிக்குடும்பம் என்ற பெயரிலும் யார் எப்போது பிரிந்தார் என்பது இல்லையே. ஆனால் காசி பற்றிய கேள்வி நல்ல கேள்வி. என்னிடம் குறுக்குவழி விடை இல்லை.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். தொகுதிக்கு ஒரு பெயர், அந்த நிகழ்வுக்கு ஒரு பெயர் என இரண்டு தேவை. குப்வாட்டில் நடந்ததை 'குவிதல்' என்பார்கள். எனக்கு ஒப்பவில்லை. எல்லாம் ஒரே புள்ளியை நோக்கிச் சமமாக நகர்ந்தது போலத் தொனிக்கிறது. 'இணங்கல்' என்றால் ஒன்று அதிகம், ஒன்று குறைவு என்பதற்கும் இடம் இருக்கும்.

நளினி எழுதியது:

'இணங்கல்' எடுத்துக்கொள்கிறேன். தொகுதிக்கு, முதல் இடத்தில் 'அண்டைமொழித் தொகுதி', அதன்பின் வெறும் 'தொகுதி' என்று எழுதிப் பார்க்கிறேன். பால்கன் பகுதிதான் அடுத்த சிக்கல். பல்கேரியம், ருமேனியம், அல்பேனியம் மூன்றும் ஆங்கில 'the' போன்ற சுட்டிடைச்சொல்லைப் பெயருக்குப் பின்னால் ஒட்டுகின்றன, கிரேக்கம் ஒட்டுவதில்லை. ஆனால் வினையெச்சத்தின் ஒரு வகையை இழந்ததில் கிரேக்கமும் சேர்ந்துகொள்கிறது. இப்படிப் பாதி உள்ளே, பாதி வெளியே நிற்கும் மொழியை என்ன சொல்வது?

சேதுராமன் எழுதியது:

தொகுதி என்று வைத்தாயிற்று. இனி சுயேச்சை என்றே சொல்லிவிடலாம்.