பறவைப் பட்டியல்களில் 'எஃபர்ட்': முயற்சியா, நோக்குழைப்பா?

புதுச்சேரியிலிருந்து, கட்டுரையாளர்:

அனைவருக்கும் வணக்கம். ஊசுட்டேரிப் பறவைகளைப் பற்றிய கட்டுரையில் 'எஃபர்ட் கரெக்‌ஷன்' என்பதை 'முயற்சித் திருத்தம்' என்று எழுதியிருந்தேன். பறவை நோக்குவோர் ஒரு முறை சென்று கண்டவற்றைக் குறிக்கும் பட்டியல்களை ஒப்பிடும்போது, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நேரம் செலவானது என்பது போன்றவற்றைக் கணக்கில் கொள்வதே அது. அந்தச் சொல் எனக்கே நிறைவளிக்கவில்லை. பொருளை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்குகிறேன். கோரைக்குள் மறைந்து நிற்கும் செந்நாரை, ஒரு மணி நேரப் பட்டியல்களில் பாதியில் பதிவாகிறது என்று கொள்வோம். பத்தாண்டுக்கு முன் 40 பட்டியல்கள், அனைத்தும் ஒரு மணி நேரத்தவை, 20இல் செந்நாரை. இப்போது 400 பட்டியல்கள், ஆனால் 300 கால் மணி நேரத்தவை; அவற்றில் 48இலும் எஞ்சிய 100இல் 50இலும் செந்நாரை. விழுக்காடு 50இலிருந்து ஏறத்தாழ 25ஆக இறங்கிவிட்டது. ஏரியில் ஒரு நாரையும் குறையவில்லை.

கடலூரிலிருந்து, மீன்வளத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்:

துறைமுகத்தில் நாங்கள் பிடிப்பை மீன்பிடி நேரத்தால் வகுப்போம். பதிவுகளை மணிக்கணக்கால் வகுத்தால் போதுமே. 'நேரச் சீராக்கம்' என்றே வைத்துக்கொள்ளலாம்.

பாகூரிலிருந்து:

திருத்தம் என்பதை நான் வன்மையாக எதிர்க்கிறேன். சென்ற ஆண்டு நான் ஏற்றிய உள்ளான் பதிவுக்கே படம் கேட்டு மடல் வந்தது. கண்ணால் கண்டதைத் திருத்த இவர்கள் யார்?

புதுச்சேரியிலிருந்து, தரவுப் பகுப்பாய்வு செய்பவர்:

பாகூர் நண்பர் சொல்வது பதிவுச் சரிபார்ப்பு, அது வேறு வேலை. இங்கே எவருடைய பதிவும் மாறாது, பட்டியல்களை ஒப்பிடும் முறை மட்டுமே மாறுகிறது. அவரே இப்படிப் புரிந்துகொண்டார் என்றால், 'திருத்தம்' என்ற சொல்லைக் கைவிட அதுவே போதிய காரணம். கடலூர் ஐயா சொன்ன வகுத்தல் பாதி வழிதான் வரும், ஏனெனில் முதல் கால் மணியில் பெரும்பாலான இனங்கள் சிக்கிவிடுகின்றன, பிறகு புதியவை அரிதாகின்றன. நேரத்தால் வகுத்தால் பொறுமையாக நின்றவரின் பட்டியல் வீணாகத் தண்டிக்கப்படும். ஆகவே கண்ட இனங்கள் அனைத்தையும் குறித்த முழுமைப் பட்டியல்களை மட்டும் எடுத்து, நேரத்தையோ, பட்டியலிலுள்ள இனங்களின் எண்ணிக்கையாகிய அதன் நீளத்தையோ புள்ளியியல் கணிப்பு மாதிரிக்குள் ஒரு காரணியாகச் சேர்க்கிறோம். இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை பட்டியல் நீளத்தையே பயன்படுத்தியது. நோக்குநரின் திறனும் ஓரளவு அதில் அடங்கிவிடும். அதற்கும் ஒரு விலையுண்டு: எல்லா இனங்களும் ஒருசேரக் குறைந்தால் பட்டியலும் குறுகும், உண்மையான சரிவு மறைந்துபோகும். 'நோக்குழைப்பு', 'நோக்குழைப்பு ஈடுசெய்தல்' என்று முன்மொழிகிறேன்.

கடலூரிலிருந்து:

வகுத்தலைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் 'உழைப்பு' என்றால் வியர்வைதான் நினைவுக்கு வருகிறது. மேலும், குரல் கேட்டே கதிர்க்குருவியை இனங்காண்பவரும் புதியவரும் ஆளுக்கு ஒரு மணி நேரம் நின்றால் நோக்குழைப்பு ஒன்றுதானா?

முதல் மடல் எழுதியவர்:

நேரமும் தொலைவும் நோக்குழைப்பு, திறன் தனி என்று இப்போதைக்குப் பிரித்து எழுதுகிறேன். திறனுக்குக் 'காண்திறன்' என்று எழுதிப் பார்த்தேன். கண் மருத்துவமனைச் சொல்லாகத் தொனிக்கிறது. 'இனங்காண் திறன்' எப்படி? ஒருவரே ஆண்டுக்காண்டு தேறிவருவதற்கும் ஒரு சொல் வேண்டும், எனக்குத் தோன்றவில்லை.