லீட் டைம்: தமிழில் என்ன சொல்வது? (கலைச்சொல் விவாதம்)

அனுப்புநர்: நிவேதா

அனைவருக்கும் வணக்கம்.

இஆர்பிநெக்ஸ்ட் மென்பொருளின் கொள்முதல் பகுதியைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறோம். பொருள் பதிவுப் பக்கத்தில் `Lead Time in days` என்று ஒரு கட்டம் இருக்கிறது. ஆர்டர் போட்ட நாள் முதல் சரக்கு கைக்கு வரும் நாள் வரை எத்தனை நாள் பிடிக்கும் என்பதை அதில் நிரப்ப வேண்டும். முன்னணி நேரம், காத்திருப்புக் காலம், பெறுகாலம் என்று மூன்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன. முதலாவது எதையும் உணர்த்தவில்லை. மூன்றாவதை வேகமாகப் படித்தால் பேறுகாலம் ஆகிவிடுகிறது.

இதோடு ஓர் அறிக்கையும் எழுதுகிறோம். பழைய ஆர்டர் தேதிகளையும் வரவுத் தேதிகளையும் வைத்து, இந்தச் சப்ளையரிடமிருந்து வழக்கமாக எத்தனை நாளில் வருகிறது, மோசமாகப் போனால் எத்தனை நாள் என்று இரண்டு எண்களைக் காட்டும். அந்த இரண்டு நெடுவரிசைகளுக்கும் தலைப்பு வேண்டும்.

அனுப்புநர்: சரவணன்

விற்பனைப் பகுதியில் லீட் என்பதற்கு ‘வாய்ப்பு’ என்று ஏற்கெனவே போட்டிருக்கிறோம். ஒரே சொல்லை எல்லா இடத்திலும் ஆள்வதுதான் முறை. ‘வாய்ப்புக் காலம்’ என்று வைத்துவிடலாமே?

அனுப்புநர்: நிவேதா

சரவணன், அந்த லீட் வேறு, இது வேறு. அது வாங்கக்கூடிய வாடிக்கையாளர். இங்கே வாங்குவது நாம்தான்.

அனுப்புநர்: பாண்டியன்

சிவகாசியில் அச்சகம் வைத்திருக்கிறேன். காகிதமும் மையும் ஆர்டர் போடுவதே என் வேலை. ‘தாமதக் காலம்’ என்பதுதான் எல்லாருக்கும் புரியும். அறிக்கைக்கும் இரண்டு எண் எதற்கு? சராசரி ஒன்று போதும். அதில் இரண்டு நாள் கூட்டிக்கொண்டு ஆர்டர் போட்டால் வேலை ஓடும். என் கடையில் அப்படித்தான் ஓடுகிறது.

அனுப்புநர்: வேலுமணி

பாண்டியன் தம்பிக்கு, தாமதம் என்ற சொல் இங்கே பொருந்தாது. சப்ளையர் 14 நாளில் தருவதாகச் சொல்லி 14ஆம் நாளே இறக்கிவிட்டால் தாமதமே இல்லை. ஆனாலும் நமக்கு 14 நாள் ஆகியிருக்கிறது. ஆர்டர் நாளிலிருந்து எண்ணுவது ஒன்று, சொன்ன கெடுவிலிருந்து எண்ணுவது இன்னொன்று. கெடு தாண்டிய நாட்களுக்குத் தாமதம் என்ற சொல்லை ஒதுக்கிவைப்போம். சப்ளையரிடம் சண்டை போட அது வேண்டும். எப்போது ஆர்டர் போடுவது என்று முடிவெடுக்க முதல் எண்தான் வேண்டும்.

என் பரிந்துரை ‘தருவிப்புக் காலம்’. ஊருக்குப் போகிறவரிடம் சொல்லி ஒரு பொருளைத் தருவித்தோம் என்கிறோம் அல்லவா, அதே சொல்தான். வாங்குபவர் பக்கத்திலிருந்து பேசுகிறது, கேட்டதுமே புரிகிறது.

இனி சராசரி. கோயம்புத்தூரில் பம்பு செய்யும் கம்பெனியில் பர்ச்சேஸ் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பம்பு உடலுக்கான வார்ப்புகள் ஒரு பவுண்டரியிலிருந்து வரும். 20 ஆர்டர்களின் நாட்களை ஏறுவரிசையில் தருகிறேன்.

```
 9 10 10 11 11 11 12 12 12 12
13 13 13 14 14 15 16 19 27 41
```

மொத்தம் 295, சராசரி 14.75. நடுவில் நிற்பது 12க்கும் 13க்கும் இடையில், 12.5. பள்ளிப் புத்தகத்தில் இடைநிலை அளவு என்று படித்தது இதுதான். பவுண்டரிக்காரர் வழக்கமாக இரண்டு வாரத்துக்குள் தந்துவிடுவார் என்பதை 12.5 சரியாகச் சொல்கிறது. சராசரியை மேலே இழுத்திருப்பவை 27ம் 41ம்தான். அந்தச் சராசரியை 15 என்று எடுத்துக்கொண்டு திட்டம் போட்டால், 20ல் 4 ஆர்டர்கள் அதைத் தாண்டுகின்றன. ஐந்தில் ஒரு முறை அசெம்பிளி நிற்கும். இரண்டு நாள் கூட்டினாலும் மூன்று ஆர்டர்கள் அதையும் தாண்டிவிடும். தம்பியின் கடைக்குப் பக்கத்துத் தெருவிலேயே காகித வியாபாரி இருந்தால் கைமாற்று வாங்கிச் சமாளிக்கலாம். எங்கள் பேட்டர்னில் வார்த்த காஸ்டிங் அந்த ஒரு பவுண்டரியில்தான் கிடைக்கும்.

மோசமான நிலைக்கு நான் எடுத்துக்கொள்வது வரிசையில் 18ஆவது எண், 19 நாள். பத்தில் ஒன்பது ஆர்டர்கள் அதற்குள் வந்துவிட்டன. 41ஐ எடுத்தால் ஒரே ஒரு சம்பவத்துக்காக ஆண்டு முழுதும் கிடங்கை நிரப்பிவைக்க வேண்டியிருக்கும். ஆனால் 41ஐ அழித்துவிடவும் கூடாது. அது ஏன் வந்தது என்று போய்ப் பார்க்க வேண்டும். எங்கள் 41 எப்படி வந்தது தெரியுமா? 500 காஸ்டிங்குக்கு ஆர்டர். 11ஆம் நாள் 300 வந்தது, 13ஆம் நாள் 188. மீதி 12 காற்றுக்குமிழி விழுந்து தள்ளுபடியாகி, மாற்று வார்த்து வர 41 நாள். கடைசி வரவை எடுத்தால் 41, முதல் வரவை எடுத்தால் 11. இரண்டுமே அந்த ஆர்டரைப் பற்றித் தவறான எண்ணம் தரும்.

அனுப்புநர்: ரியாஸ்

கொழும்பிலிருந்து எழுதுகிறேன். இங்கே கணக்கியல் படித்தவர்கள் மீள்கட்டளைக் காலம் என்று பாவிக்கிறோம். சப்ளையரை வழங்குனர் என்றும், பர்ச்சேஸ் ஆர்டரைக் கொள்வனவுக் கட்டளை என்றும் எழுதுகிறோம். ‘கொள்முதல்’ என்று வந்தால் எங்கள் அலுவலகத்தில் சிலருக்குத் தடுமாற்றம் வரும். மொழிபெயர்ப்பில் இரண்டு வடிவங்களுக்கும் இடம் வைக்க முடியுமா?

எனக்கு இன்னொரு கேள்வி. எங்களுக்குச் சரக்கு கப்பலில் வருகிறது. கட்டளை எழுதிய நாள், வங்கியில் எல்.சி. திறந்த நாள், கப்பல் புறப்பட்ட நாள், சுங்கத்தில் விடுவித்த நாள், களஞ்சியத்துக்கு வந்த நாள் என்று ஐந்து திகதிகள் இருக்கின்றன. நாங்கள் எல்.சி. திறக்கப் பத்து நாள் இழுத்துவிட்டு, அதை வழங்குனர் தலையில் போடுவது நியாயமா?

அனுப்புநர்: நிவேதா

மீள்கட்டளை என்பது முதல் தடவை வாங்கும் பொருளுக்கு எப்படிப் பொருந்தும், ரியாஸ்? அது ஒன்றுதான் என்னைத் தடுக்கிறது. இலங்கை வடிவத்துக்குத் தனி மொழிக்கோப்பு வைக்க முடியுமா என்று கேட்டுச் சொல்கிறேன்.

அறிக்கையின் வினவலை இப்போதைக்கு இப்படி எழுதியிருக்கிறோம்:

```sql
SELECT po.supplier, poi.item_code,
  DATEDIFF(pr.posting_date, po.transaction_date) AS days
FROM `tabPurchase Receipt Item` pri
JOIN `tabPurchase Receipt` pr ON pr.name = pri.parent
JOIN `tabPurchase Order Item` poi
  ON poi.name = pri.purchase_order_item
JOIN `tabPurchase Order` po ON po.name = poi.parent
WHERE pr.docstatus = 1 AND pr.is_return = 0;
```

ஓட்டிப் பார்த்தபோது சில சப்ளையர்களுக்கு 0 நாள் வருகிறது. ஒருவருக்கு மைனஸ் 3. இதை நீக்கிவிடலாமா?

அனுப்புநர்: வேலுமணி

நிவேதா அம்மா, சும்மா நீக்கிவிடாதீர்கள், முதலில் எண்ணிப் பாருங்கள். ஃபோனில் சொல்லிச் சரக்கை இறக்கிவிட்டு, பில் போட வசதியாகப் பிறகு பி.ஓ. எழுதியிருப்பார்கள். 0 வருவதும் மைனஸ் வருவதும் பெரும்பாலும் அதனால்தான். இப்படிப்பட்டவை ஒன்றிரண்டு என்றால் ஒதுக்கிவிடலாம். பாதி ஆர்டர் இப்படி என்றால் மற்ற பாதியின் பி.ஓ. தேதியையும் நம்ப முடியாது. அந்தச் சப்ளையருக்கு அறிக்கை எந்த எண்ணும் காட்டாமல் இருப்பதே நல்லது.

வரவுத் தேதியிலும் இதே கதை உண்டு. சரக்கு வாசலில் இறங்கி, இன்ஸ்பெக்‌ஷன் முடிந்து, பிறகுதான் ஸ்டோர்ஸில் ஜி.ஆர்.என். போடுவார்கள். வெவ்வேறு சப்ளையர்களின் வரவு எல்லாம் மாதக் கடைசி நாளிலேயே குவிந்திருந்தால், அது சரக்கு வந்த நாள் இல்லை, எழுதுகிறவர் உட்கார்ந்த நாள். வாசல் காவலரின் நோட்டோடு பத்து வரிகளை ஒப்பிட்டால் எத்தனை நாள் வித்தியாசம் என்று தெரிந்துவிடும்.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உங்கள் வினவலில் இருக்கிறது. அது வரவிலிருந்து தொடங்குகிறது. இன்னும் வராத ஆர்டர் அதில் கண்ணில் படவே படாது. எல்லாவற்றிலும் மோசமான ஆர்டர் அங்கேதான் கிடக்கும்.

என் உதாரணத்தில் அந்த 20 போக, வராத ஆர்டர்கள் இரண்டு இருந்தன. ஒன்று போட்டு 35 நாள், இன்னொன்று 50 நாள். வந்து முடிய எத்தனை நாள் ஆகும் என்று தெரியாது, ஆனால் முதலாவது 35க்குக் குறையாது, இரண்டாவது 50க்குக் குறையாது. அவற்றையும் சேர்த்தால் 22 ஆர்டர். நடு எண் 12.5லிருந்து 13 ஆகிறது, அவ்வளவுதான். பத்தில் ஒன்பதுக்கு இப்போது வரிசையில் 20ஆவதை எடுக்க வேண்டும். 19ஆவது இடத்தில் 27 நிற்கிறது. அடுத்து வருவது 35ஐவிடக் குறைவாக இருக்க முடியாது. 19 நாள் என்று காட்டிய அறிக்கை இனி ‘குறைந்தது 35’ என்று காட்ட வேண்டும். தினம் 40 காஸ்டிங் செலவாகும் லைனில், 19 நாளுக்கு 760 இருக்கும்போதே மறு ஆர்டர் போட்டால் போதும். 35 நாள் என்றால் 1,400 இருக்கும்போதே போட வேண்டும்.

ஆகவே `tabPurchase Order Item`-இலிருந்து தொடங்கி, `pr` நிபந்தனைகளை ஒரு துணை வினவலுக்குள் வைத்து, அந்த வரவை `LEFT JOIN` செய்யுங்கள். நிபந்தனைகளை `WHERE`-இலேயே விட்டால் வராதவை மறுபடியும் விழுந்துவிடும். வராதவற்றுக்கு இன்றைய தேதி வரை எண்ணி, பக்கத்தில் ‘இன்னும் வரவில்லை’ என்று குறியுங்கள். ரத்தானதும் மீதி வேண்டாம் என்று முடித்ததும் இதில் வரக்கூடாது. நேற்றுப் போட்ட ஆர்டரைச் சேர்த்தால் 1 நாள் என்று வந்து கணக்கைக் கெடுக்கும். எனவே அறிக்கை நாளுக்கு முந்தைய ஒரு மாதத்தில் போட்ட ஆர்டர்களை, வந்தது வராதது இரண்டையுமே, விட்டுவிட வேண்டும். அதில் வந்ததை மட்டும் சேர்த்தால் சீக்கிரம் தந்தவை மட்டும் உள்ளே வந்துவிடும்.

அனுப்புநர்: பாண்டியன்

ஐயா, வராத ஆர்டர் விஷயம் உண்மைதான். என்னிடமும் இறக்குமதி ஆர்ட் பேப்பர் ஒன்று தொங்கிக்கொண்டிருக்கிறது, அதை நான் கணக்கில் சேர்த்ததே இல்லை. தருவிப்புக் காலம் சரி. ஆனால் எங்கள் கடைப் பையன்கள் லீட் டைம் என்றுதான் சொல்வார்கள். அதை அடைப்புக்குறியிலாவது வையுங்கள்.

இரண்டாவது நெடுவரிசைக்கு ‘உச்சம்’ என்று வைக்கலாமா?

அனுப்புநர்: வேலுமணி

உச்சம் என்றால் 41தானே, தம்பி. 19க்கோ 35க்கோ அந்தப் பெயர் பொய்யாகிவிடும். பாடநூலில் பதின்மானம், நூற்றுமானம் என்ற சொற்கள் இருக்கின்றன. ஒன்பதாம் பதின்மானம் என்று போட்டால் கணக்குச் சரி, ஸ்டோர்ஸில் இருப்பவருக்குப் புரியாது.

ரியாஸ் கேட்டது நியாயம். கப்பலில் வருவதைத் துண்டு துண்டாகப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும்: நம் அலுவலகம் எடுத்த நாள், வழங்குனர் எடுத்த நாள், வழியிலும் சுங்கத்திலும் போன நாள். மொத்தம் நமக்கு ஆர்டர் போட, நடுத்துண்டு வழங்குனரை மதிப்பிட. ஆனால் ஒவ்வொரு துண்டின் மோசமான நாட்களையும் கூட்டி மொத்தத்தின் மோசமான நாள் என்று சொல்லிவிடாதீர்கள். மூன்றும் ஒரே ஆர்டரில் சேர்ந்து கெடுவது அபூர்வம்.

அனுப்புநர்: நிவேதா

கட்டத்துக்குத் ‘தருவிப்புக் காலம் (நாள்)’ என்று இந்த வாரம் பதிவேற்றுகிறேன். லீட் டைம் என்பது சுட்டியை மேலே வைத்தால் தெரியும் குறிப்பில் இருக்கும். நெடுவரிசைகளுக்கு ‘வழக்கமாக’, ‘பத்தில் ஒன்பது’ என்று தற்காலிகமாக வைத்திருக்கிறேன். மூன்றாவதாக ‘வராமல் நிற்பவை’ என்று ஒன்று சேர்க்கிறோம்.

பகுதி பகுதியாக வரும் ஆர்டருக்கு, ஆர்டர் அளவில் 95 சதம் வந்து சேர்ந்த நாளை எடுக்கலாமா என்று யோசிக்கிறோம். வேலுமணி ஐயாவின் 500ல் 13ஆம் நாளே 488 வந்துவிட்டதால் அது 13 என்று விழும். அப்படியானால் 20 ஆர்டர்களின் பட்டியலில் 41 இருக்காது.

அனுப்புநர்: ரியாஸ்

எங்களுக்கு 95 சதம் சரிவராது. ஒரு இயந்திரத்துக்கு நாற்பது உதிரிப்பாகங்கள் கேட்டால், ஒன்று குறைந்தாலும் இயந்திரம் ஓடாது. அந்தச் சதவீதத்தைப் பொருளுக்குப் பொருள் மாற்றிக்கொள்ள வழி வையுங்கள். தருவிப்புக் காலம் என்ற சொல்லை இங்கே இரண்டு பேரிடம் கேட்டுப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.